ஸ்கிரிப்டில் நவம்பர் 30 வேண்டாம்

கேள்வி: "ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். போன வருட இன்புட்டை நவம்பர் 30-க்குள் எடுத்துவிட வேண்டும் என்று சிறு கடைக்காரர்களை எச்சரிக்க இரண்டு நிமிட வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

முதலில் அந்த நவம்பர் 30-ஐ ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடுங்கள். தேதி தவறில்லை, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது சட்டத்தின் தேதி. உங்கள் வாடிக்கையாளருக்குப் பயன்படும் தேதி அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. சிலருக்கு ஐந்து வாரம் முன்பே போய்விடுகிறது.

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(4) பிரிவு சொல்வது இதுதான். ஒரு நிதியாண்டின் கொள்முதல் பில்லில் உள்ள வரியை இன்புட்டாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் உண்டு. அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு கதவு மூடிவிடும். 2022 அக்டோபருக்கு முன்பு இந்தக் கெடு செப்டம்பர் மாத ரிட்டர்னின் கடைசித் தேதியாக இருந்தது. அதை நவம்பர் 30 என்று நீட்டியபோது எல்லாருக்கும் நாற்பது நாள் கூடுதலாகக் கிடைத்ததாக நாங்கள் மகிழ்ந்தோம். எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

காரணம் எளிது. இன்புட் எடுக்கத் தனியாக ஒரு விண்ணப்பம் கிடையாது. 3பி ரிட்டர்னில் அந்தத் தொகையைப் போட்டு, ரிட்டர்னைத் தாக்கல் செய்தால்தான் எடுத்ததாகக் கணக்கு. ஆகவே நவம்பர் 30-க்குள் அந்தக் கடைக்காரர் தாக்கல் செய்யப்போகும் கடைசி 3பி எது என்பதுதான் கேள்வி. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அது அக்டோபர் மாத ரிட்டர்ன், நவம்பர் 20-க்குள் போக வேண்டியது. நவம்பர் மாத ரிட்டர்ன் டிசம்பரில்தான் போகும் என்பதால் உதவாது. ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் பலர் காலாண்டு முறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான ரிட்டர்ன் ஜனவரியில்தான். எனவே அவர்களுடைய கடைசி வாய்ப்பு ஜூலை முதல் செப்டம்பர் வரையான ரிட்டர்ன். தமிழ்நாட்டில் அதன் வழக்கமான கெடு அக்டோபர் 22. தாக்கல் செய்த 3பி-யைத் திருத்தவும் முடியாது. ஆபீஸில் சுறுசுறுப்பாக அக்டோபர் 16 அன்றே தாக்கல் செய்துவிட்டால், அவருடைய கெடு அன்றோடு முடிந்தது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 2023-இல் எங்கள் ஆபீஸிலிருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி போனது: "சென்ற ஆண்டு பில்கள் ஏதேனும் விடுபட்டிருந்தால் நவம்பர் 30-க்குள் தரவும்." எழுதியவன் நான். ஒரு பெயிண்ட் கடைக்காரர் நவம்பர் 27 திங்கட்கிழமை காலையில் வந்தார். மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த பில் ஒன்றை எடுத்து மேஜையில் நீவி வைத்தார். அந்தப் பிப்ரவரி மாதப் பில்லில் மதிப்பு 2,40,000 ரூபாய், 18 சதவீத வரி 43,200 ரூபாய். சரக்கு கடைக்கு வராமல் நேரே கட்டட வேலை நடந்த இடத்துக்குப் போயிருக்கிறது. பில் மேஸ்திரியிடம் தங்கிவிட்டது. "இன்னும் மூணு நாள் இருக்குதே சார்" என்றார்.

அவர் காலாண்டுக்காரர். ஜூலை–செப்டம்பர் ரிட்டர்னை நாங்கள் அக்டோபர் 19 அன்றே போட்டுவிட்டிருந்தோம். சட்டப்படி மூன்று நாள் இருந்தது. அதைப் பயன்படுத்த அவர் கையில் ரிட்டர்ன் ஒன்றும் இல்லை. விற்றவரிடம் ஒரு முறை கொடுத்த 43,200 ரூபாயை, இன்புட் கழிக்க முடியாததால் அரசுக்கு இன்னொரு முறை கட்டுவது போலாயிற்று. ஆபீஸ் செய்தியை நம்பி வந்தவரிடம் இதை விளக்கிச் சொன்ன அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் செப்டம்பர் காலாண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யாமல் இழுத்தடித்திருந்தால், தாமதக் கட்டணத்தோடு அந்த மூன்று நாளுக்குள் இன்புட்டை எடுத்திருக்கலாம். ஒழுங்காக இருந்தவருக்குத்தான் கதவு மூடியது.

ஒரு தப்பிக்கும் வழி உண்டு, அதற்கும் தேதி உண்டு. அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கு முறையை மாற்றிக்கொள்ள ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரை ஜி.எஸ்.டி. தளம் அனுமதிக்கிறது. Opt-in for Quarterly Return என்ற பக்கத்தில் போய் அந்தக் காலாண்டை மாத முறைக்கு மாற்றிவிட்டால், அக்டோபர் மாதத்துக்குத் தனியாக ஒரு 3பி கிடைக்கும். அதை நவம்பரில் தாக்கல் செய்யலாம். பெரிய பில் ஒன்று அக்டோபர் கடைசி வாரத்தில் அகப்பட்டால் இதைச் செய்வது நல்லது. அடுத்த மூன்று மாதம் மாதாமாதம் தாக்கல் செய்ய வேண்டிய தொல்லை வரும், ஆனால் 43,200 ரூபாய்க்கு அந்தத் தொல்லை பெரிதில்லை. இதை ஸ்கிரிப்டில் சொல்ல வேண்டாம். சொன்னால் எல்லாரும் அக்டோபர் 31 வரை காத்திருப்பார்கள். ஆபீஸ் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அடுத்து, யாருக்கு எந்த வீடியோ என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "நீங்கள் காலாண்டு முறையில் இருந்தால்..." என்று வீடியோவில் கேட்டுப் பயனில்லை. காலாண்டுக்காரரும் முதல் இரண்டு மாதம் 25-ஆம் தேதிக்குள் சலான் கட்டுகிறார். கட்டுவதால் தான் மாதமாதம் தாக்கல் செய்வதாகவே நினைக்கிறார். எனவே ஒரே வீடியோவில் இரண்டு கூட்டத்துக்கும் பேசாமல் இரண்டு வீடியோ எடுங்கள். ஆபீஸ் பட்டியலைப் பார்த்துப் பிரித்து அனுப்புங்கள்.

வீடியோ எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதுதான் பெரிய வேலை. நாங்கள் அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் கொடுத்த பில்களை எடுத்து, விற்றவர்கள் பதிவேற்றியதை வைத்துத் தளம் உருவாக்கும் 2பி பட்டியலில் அவை வந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தோம். மறுபக்கம் பார்க்கவில்லை. பெயிண்ட் கடைக்காரரின் அந்தப் பில், விற்றவர் ஒழுங்காகப் பதிவேற்றியதால், ஏப்ரலிலிருந்தே 2பி-யில் உட்கார்ந்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே இரண்டு திசையிலும் ஒப்பிட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டு சிறு பட்டியல் தயார் செய்யுங்கள். ஒன்று, 2பி-யில் இருக்கிறது, பில் நம்மிடம் வரவில்லை. மற்றது, பில் இருக்கிறது, 2பி-யில் இல்லை. ஆண்டைப் பிரிக்கும்போது பில்லில் உள்ள தேதியைப் பாருங்கள். மார்ச் 30 தேதியிட்ட பில்லின் சரக்கு ஏப்ரல் 4 அன்று வந்து இறங்கியிருந்தாலும் பில் பழைய ஆண்டைச் சேர்ந்ததுதான். இந்த இடத்தில் தடுக்கி விழுபவர்கள் அதிகம்.

முதல் பட்டியலுக்கு வாடிக்கையாளர் பில்லைத் தேடி அனுப்பினால் போதும். இரண்டாவது பட்டியல்தான் தொல்லை. 2022 தொடக்கத்திலிருந்து, விற்றவர் பதிவேற்றி அது நம் 2பி-யில் வந்தால்தான் இன்புட். பில்லைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது. ஏன் வரவில்லை என்று தேடினால் பெரும்பாலும் மூன்று காரணம். விற்றவர் பில்லைப் பதிவேற்ற மறந்திருப்பார். அல்லது ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஆளுக்கு விற்றதாகப் போட்டிருப்பார். அல்லது எண்ணைத் தவறாகப் போட்டிருப்பார். இந்த மூன்றாவதில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் தளமே பெரும்பாலும் பிடித்துவிடும், ஏனென்றால் பதினைந்தாவது எழுத்து மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கானது. ஆகவே உள்ளே நுழைவது பெரும்பாலும் வேறொருவரின் உண்மையான எண்ணாகத்தான் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு கடைக்கு விற்பவர் கணினியில் மேலே வந்த பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பார். உங்கள் இன்புட் பக்கத்து ஊர்க் கடையின் 2பி-யில் இருக்கும்.

திருத்தச் சொன்னால் விற்றவர் "எனக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது" என்பார். அதுவும் சட்டப்படி சரி, நமக்கு உதவாத சரி. மாதாமாதம் தாக்கல் செய்யும் விற்பனையாளர் அக்டோபர் மாத விற்பனை ரிட்டர்னை நவம்பர் 11-க்குள் போட வேண்டும். 2பி நவம்பர் 14 அன்று உருவாகிறது. அவர் 20-ஆம் தேதி போட்டால் அது அடுத்த 2பி-யில், டிசம்பரில்தான் நமக்குத் தெரியும். நம் வாடிக்கையாளர் காலாண்டுக்காரர் என்றால் இதே கணக்கு ஒரு மாதம் முன்னே வருகிறது. விற்பவர் மாதக்காரரானால் அக்டோபர் 11, காலாண்டுக்காரரானால் அக்டோபர் 13. எனவே ஸ்கிரிப்டில் போட வேண்டிய தேதி இதற்கும் முன்னால் இருக்க வேண்டும். நான் காலாண்டுக்காரர்களுக்குச் செப்டம்பர் 25, மாதக்காரர்களுக்கு அக்டோபர் 25 என்று வைக்கிறேன். விற்றவரிடம் பேச அவர்களுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். அரசு சில ஆண்டுகளில் ரிட்டர்ன் கெடுவை நீட்டுவதுண்டு. அதை நம்பித் தேதி போடாதீர்கள்.

சொற்களைப் பற்றி ஒன்று. "உள்ளீட்டு வரிக் கடன்" என்று ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். சட்டத்தின் தமிழாக்கமாக அது சரியாக இருக்கலாம். கடைக்காரர் காதில் "கடன்" என்று விழுந்தவுடன் தான் யாருக்கோ தர வேண்டியது என்று நினைக்கிறார். இங்கே அது அவருக்கு வர வேண்டியது. கடைத்தெருவில் எல்லாரும் சொல்லும் "இன்புட்" போதும்.

இது காலாண்டுக்காரர்களுக்கான ஸ்கிரிப்ட். செப்டம்பர் 10 வாக்கில் அனுப்ப வேண்டியது. நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

திரை: மேஜை மேல் ஒரு கொள்முதல் பில். வரித் தொகையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடும் கை.

குரல்: வணக்கம். ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்கும்போது அதற்கு மேல் 18,000 ரூபாய் ஜி.எஸ்.டி. கொடுக்கிறீர்கள். அந்த 18,000 உங்கள் பணம். நீங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதைத்தான் இன்புட் என்கிறோம்.

கடந்த மார்ச் மாதத்தோடு முடிந்த ஆண்டில் நீங்கள் வாங்கிய சில பில்களின் இன்புட் இன்னும் கழிக்கப்படாமல் இருக்கிறது. அதைக் கழிக்க உங்களுக்கு இனி ஒரே ஒரு ரிட்டர்ன்தான் பாக்கி. அக்டோபரில் நாங்கள் தாக்கல் செய்யப்போகும் ரிட்டர்ன் அது. அதை விட்டால் அந்தப் பணம் போனதுதான். அபராதம் கட்டி மீட்கவும் வழியில்லை.

திரை: 25 செப்டம்பர். வேறு எழுத்து எதுவும் வேண்டாம்.

குரல்: அதனால் உங்கள் தேதி செப்டம்பர் 25. இந்த வீடியோவோடு உங்கள் கடைக்கான பட்டியல் ஒன்று வந்திருக்கும். அதில் இரண்டு பகுதி.

முதல் பகுதியில் உள்ள பில்கள் உங்கள் பெயரில் போடப்பட்டவை. எங்களிடம் வரவில்லை. கல்லாவில், வண்டியில், குடோனில், மேஸ்திரியிடம் தேடிப் பாருங்கள். பில்லை முழுதாகப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தச் சரக்கு உங்களுக்கு வரவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

திரை: பில்லில் வாங்குபவர் ஜி.எஸ்.டி. எண் உள்ள இடம், நெருக்கமாக. 33 என்று தொடங்கும் பதினைந்து எழுத்துகள்.

குரல்: இரண்டாம் பகுதியில் உள்ள பில்களை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் விற்றவர் அரசுத் தளத்தில் சரியாகப் பதிவேற்றவில்லை. அவருக்கு இன்றே போன் செய்யுங்கள். பில் எண், தேதி, உங்கள் ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் சொல்லி, செப்டம்பர் மாத ரிட்டர்னிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நவம்பர் வரை நேரம் இருக்கிறது என்று அவர் சொன்னால், அவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்று சொல்லுங்கள். பேசியது சரிவரவில்லை என்றால் அவருடைய எண்ணை எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் பேசுகிறோம்.

செப்டம்பர் 25. பட்டியலைப் பார்த்து பதில் அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் "பார்த்துவிட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள்.

ஸ்கிரிப்ட் இவ்வளவுதான். மாதக்காரர்களுக்கான வீடியோவில் மூன்று இடம் மாறும். செப்டம்பர் 25 என்பது அக்டோபர் 25 ஆகும், ரிட்டர்ன் "நவம்பரில்" தாக்கல் செய்யப்படும், விற்றவரிடம் "அக்டோபர் மாத ரிட்டர்னிலேயே" என்று சொல்லச் சொல்ல வேண்டும். "ஒரே ஒரு ரிட்டர்ன்தான் பாக்கி" என்ற வரியை அவர்களுக்கும் விட்டுவைக்கலாம், அக்டோபர் 20-க்குப் பிறகு அனுப்பினால் அது உண்மையும்கூட. அதற்கு முன் அனுப்பினால் செப்டம்பர் மாத ரிட்டர்ன் இன்னும் இருக்கும். அப்போது "இரண்டு" என்று மாற்றிவிடுங்கள். கணக்கு எழுதுபவர் வாயிலிருந்து தவறான எண் வரக் கூடாது.

"பார்த்துவிட்டேன்" என்ற அந்த ஒரு வரியை வெட்டிவிடாதீர்கள். பதில் வராதவர்களின் பட்டியல்தான் நீங்கள் செப்டம்பர் 26 அன்று போன் செய்ய வேண்டிய பட்டியல். வீடியோ யாரையும் வேலை செய்ய வைக்காது. அந்தப் போன்தான் செய்ய வைக்கும்.

உங்கள் சீனியர் ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு, பணம் கொடுக்காமல் 180 நாள் கடந்த பில்லையும் சேர்க்கலாமே என்று சொல்லக்கூடும். வேண்டாம். அங்கே எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுப்பதற்கு இந்த நவம்பர் 30 கெடு பொருந்தாது. இரண்டையும் ஒரே வீடியோவில் சொன்னால், கேட்பவர் "அப்புறம்கூட எடுத்துக்கொள்ளலாம்" என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வார். இரண்டு கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆண்டு ரிட்டர்னைச் சீக்கிரம் போட்டுவிடும் பழக்கம் உங்கள் ஆபீஸில் இருந்தால், அதை இந்தப் பட்டியல் வேலை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அது உங்களுக்குள் பேச வேண்டியது, வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, டிசம்பரில் யாராவது ஒருவர் பில்லோடு வருவார். "எப்படியாவது போட்டுவிடுங்கள், தளம் எடுத்துக்கொள்ளும்" என்பார். தளம் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளவும் கூடும். 3பி-யில் இன்புட் தொகையை நாமே மாற்றி எழுதலாம், அது பில் தேதியைக் கேட்பதில்லை. பில் தேதியைக் கேட்பவர் ஓரிரு ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரி. அப்போது 43,200 ரூபாயும், அதைப் பயன்படுத்திய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், நோட்டீஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அபராதமும் சேர்ந்து வரும். பெயிண்ட் கடைக்காரரும் அன்று அப்படித்தான் கேட்டார். நான் போடவில்லை. அந்த ஆண்டுக்கான எங்கள் கட்டணத்தை அவரிடம் வாங்கவும் இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் முதல் பட்டியல் அவருக்குத்தான் போனது.